கடை மூடி இரண்டரை வருடம் ஆச்சு, கரன்ட் அக்கவுன்ட்டில் மாதாமாதம் 531 ரூபாய் இன்னும் போகிறது

நெல்லைக் கணக்கர்

நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்தார். 2023 மார்ச் கடைசியில் மூடிவிட்டார். ஜிஎஸ்டி பதிவையும் அப்போதே ரத்து செய்து, இறுதி ரிட்டர்னும் போட்டாயிற்று. கடைப் பெயரில் இருந்த கரன்ட் அக்கவுன்ட்டை மட்டும் மூடவில்லை. வரவேண்டிய பாக்கி ஒன்றிரண்டு இருந்ததால் 38,400 ரூபாயை அதிலேயே விட்டுவைத்தார்.

போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்தால் மிச்சம் 20,700 தான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து 2025 செப்டம்பர் வரை 30 மாதம், மாதம் 531 வீதம் 15,930 போயிருக்கிறது. அதோடு இந்த ஜூலையில் 1,770 ஒரே தடவையில் எடுத்திருக்கிறார்கள். எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. பதிவான நம்பர் கடையின் பழைய சிம், அதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

இதை எங்கே போய் நிறுத்துவது? எடுத்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா?

ரவி_டிஜிட்டல்

சிம்பிள் சார். இது நாச் மேண்டேட், அதாவது வெளி கம்பெனி மாதாமாதம் பணம் எடுத்துக்க நம்ம பேங்க்குக்கு முன்னாடியே கொடுத்த அனுமதி. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதிக்குப் போய் கேன்சல் கொடுங்க. கம்பெனிக்காரன் சம்மதம் வேண்டியதில்லை, நம்ம பேங்க்கே ரத்து செய்யணும். நெட் பேங்கிங் இல்லையென்றால் மேண்டேட் படிவத்தில் கேன்சல் கட்டத்தை டிக் செய்து, அந்த மேண்டேட்டுக்கான யுஎம்ஆர்என் நம்பரை எழுதி பிராஞ்சில் கொடுத்தால் போதும். அவசரம்னா இருக்கிற 20,700-ஐயும் வேற அக்கவுன்ட்டுக்கு மாத்திடுங்க. பணம் இல்லைன்னா எதை எடுப்பான்?

பழைய கேஷியர்

ரவி தம்பி சொல்வதில் முதல் பாதி சரி, நாச் ஆக இருந்தால். இது நாச் தானா என்று யாருமே இன்னும் பார்க்கவில்லையே. கணக்கர், ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். மூடின கடையின் கணக்கிலிருந்து மாதக் கட்டணம் போவதற்கு மூன்று வழி உண்டு. மூன்றையும் நிறுத்தும் இடம் வேறு வேறு. தப்பான கதவைத் தட்டினால் அவர்கள் "எங்களிடம் எதுவும் இல்லை" என்று உண்மையைத்தான் சொல்வார்கள்.

பணத்தை உருவும் யோசனையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

செல்வி ஸ்டோர்ஸ்

எங்களுக்கும் இதே கதைதான். க்யூஆர் ஸ்பீக்கர் பாக்ஸை அலமாரியில் போட்டுவிட்டோம், வாடகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. செல்லில் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதியில் பார்த்தால் அந்த மேண்டேட் உயிரோடு இருந்தது, ரத்து கொடுத்ததும் நின்றது. உங்க அண்ணாச்சியையும் அவர் செல்லில் பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்

கமர்ஷியல் இ.பி. கனெக்‌ஷன் இன்னும் ஓடுதா பாருங்க. கடை மூடினாலும் நிலைக் கட்டணம் வந்துகிட்டே இருக்கும். கனெக்‌ஷனை சரண்டர் பண்ணி டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்க.

நெல்லைக் கணக்கர்

மதுரை அண்ணே, இ.பி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தானே வரும்? இது மாதாமாதம் 5-ஆம் தேதி. கனெக்‌ஷனும் கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தது.

கேஷியர் ஐயா கேட்ட வரிகள்:

```
05/09/2025  POS RENTAL SEP25 TID ****4471   450.00 DR
05/09/2025  GST ON POS RENTAL                81.00 DR
```

ஜூலை வரியில் சராசரி இருப்புக் குறைவு என்று இருக்கிறது. 1,500, அதன் மேல் ஜிஎஸ்டி 270.

பழைய கேஷியர்

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. கார்டு தேய்க்கும் மிஷினின் வாடகை. மிஷினைக் கொடுத்த வங்கியும் கணக்கு இருக்கும் வங்கியும் ஒன்றுதான், சரிதானே?

ஸ்டேட்மென்ட்டில் அடையாளம் பிரிப்பது இப்படி. வெளி நிறுவனம் நாச் வழியாக எடுத்தால் வரியின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் இதுமாதிரி ஒன்று நிற்கும்:

```
ACH D- ...
NACH DR ...
```

யுபிஐ ஆட்டோபே என்றால் வரியில் யுபிஐ என்று இருக்கும், செல்வி அம்மா சொன்ன வழி அதற்குப் பொருந்தும். இந்த இரண்டும் இல்லாமல் வெறுமனே வாடகை, கட்டணம் என்று இருந்து, பக்கத்திலேயே ஜிஎஸ்டி தனி வரியாக வந்தால் வங்கி தானே தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். மிஷின் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட வணிகர் ஒப்பந்தத்திலேயே "என் கணக்கில் பற்று வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு விதி இருக்கும். அதற்கு யுஎம்ஆர்என் கிடையாது. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலைத் திறந்தால் காலியாகத்தான் இருக்கும். ரத்து செய்ய அங்கே எதுவும் இல்லை. ஒப்பந்தத்தையே முடிக்க வேண்டும்.

பணத்தை ஏன் உருவக்கூடாது என்றால், சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லியிருக்கிறது. அது சேமிப்புக் கணக்குக்கு மட்டும். கரன்ட் அக்கவுன்ட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாடகை பாக்கி ஏறும், இருப்புக் குறைவு அபராதமும் காலாண்டுக்கு ஒருமுறை சேரும், பிறகு எந்த வரவு வந்தாலும் அதில் விழுங்கப்படும். தனிநபர் கடை என்றால் உரிமையாளரும் கடையும் சட்டப்படி ஒரே ஆள். அதே வங்கியில் அண்ணாச்சிக்கு சேமிப்புக் கணக்கு இருந்தால், பாக்கியை அதில் ஈடு செய்துகொள்ளும் உரிமையை வங்கி கோரலாம்.

இதுவே நாச் ஆக இருந்து, பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் இன்னும் மோசம். 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் முறைமைகள் சட்டம், பிரிவு 25, அதைச் செக் திரும்புவது மாதிரியே குற்றமாக வைத்திருக்கிறது.

ரவி_டிஜிட்டல்

ஓகே ஐயா, நாச் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா பிராஞ்சில் போய்ச் சொன்னா நிறுத்த மாட்டாங்களா? இதுக்கு ஒப்பந்தம் அது இதுன்னு ஏன் இவ்வளவு சுத்தணும்?

ஸ்வைப் மேசை

மிஷின் சேவைப் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். பிராஞ்சில் இருப்பவருக்கு அந்த வாடகையை நிறுத்தும் பொத்தான் கிடையாது. வணிகர் சேவைப் பிரிவின் சிஸ்டத்தில் அந்த மிஷினுக்கான எண், அதாவது டி.ஐ.டி., "பொருத்தப்பட்டது" என்ற நிலையில் இருக்கும்வரை, மாதாமாதம் பில் ஓடும்போது அதுவும் சேர்ந்து ஓடும். ஒரு பரிவர்த்தனைகூட இல்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த நிலை மாறுவதற்கு ஒரே வழி மிஷினை எடுத்துவிட்டதாகப் பதிவு ஏறுவதுதான்.

கணக்கர், முக்கியமான கேள்வி: மிஷின் இப்போது எங்கே?

நெல்லைக் கணக்கர்

வீட்டுப் பரணில் இருக்கிறது, அடாப்டரோடு. எடுத்துப் பார்த்தோம். ஆன் ஆகவில்லை. பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஸ்வைப் மேசை

மூடி தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜில் போடவே போடாதீர்கள், மூடியை அழுத்தி மூடவும் வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்தால் போதும். டி.ஐ.டி. முழு எண்ணும், கடைக்கான வணிகர் எண்ணான எம்.ஐ.டி.யும் தெரிய மிஷினை ஆன் செய்யத் தேவையில்லை. பழைய ரசீது ஒன்று கிடைத்தால் அதன் தலைப்பில் இரண்டும் இருக்கும். சார்ஜ் ஸ்லிப் வெப்பத் தாள் என்பதால் அழிந்திருக்கலாம், அப்படியானால் அந்தக் காலத்தில் மெயிலில் வந்த மாத அறிக்கையில் பாருங்கள்.

மிஷின் கையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார், சீட்டு எதுவும் தரவில்லை என்ற கேஸ்கள்தான் வருடக்கணக்கில் இழுக்கும். வங்கியின் பதிவில் மிஷின் உங்களிடமே இருப்பதாக இருக்கும், ஒப்பந்தப்படி அதன் விலையையும் கேட்பார்கள்.

இனி வரிசை. முதலில் பிராஞ்சில் செல் நம்பரையும் மெயிலையும் மாற்றுங்கள். பழைய சிம் இந்நேரம் வேறொருவர் கையில் இருக்கலாம், கோரிக்கை எண்ணும் ஓடிபியும் அவருக்குப் போகும். அடுத்ததாக இரண்டு தனிக் கடிதம். ஒன்று மிஷினை எடுக்கச் சொல்லி, மற்றொன்று பணத்தைத் திரும்பக் கேட்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அது புகார் வரிசையில் போய் நிற்கும், ரீஃபண்ட் முடிவாகும்வரை மிஷினும் எடுக்கப்படாது, அடுத்த 5-ஆம் தேதி வந்துவிடும்.

முதல் கடிதத்துக்கு நாலு வரி போதும்:

"டி.ஐ.டி. ……, எம்.ஐ.டி. ……, சீரியல் எண் …… கொண்ட கார்டு கருவியை 2023 மார்ச் மாதத்துக்குப் பிறகு பயன்படுத்தவில்லை. இன்றைய தேதியோடு சேவையை முடித்து, கருவியை எடுத்துக்கொண்டு, எம்.ஐ.டி.யையும் மூடும்படி கோருகிறேன். இன்று முதல் வாடகை எடுக்க எனக்கு இசைவில்லை. இந்தக் கோரிக்கையின் பதிவு எண்ணை எழுத்தில் தரவும்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பிராஞ்ச் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதையே போட்டோ எடுத்து வணிகர் சேவை மெயிலுக்கும் அனுப்புங்கள். எம்.ஐ.டி. என்று தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஒரு எம்.ஐ.டி.யின் கீழ் பல மிஷின், க்யூஆர் எல்லாம் இருக்கலாம். மிஷினை மட்டும் எடுத்துவிட்டு எம்.ஐ.டி.யைத் திறந்து வைத்தால், வேறு பெயரில் ஒரு கட்டணம் பிறகு முளைக்கும்.

எடுக்க வருபவர் வங்கி ஆள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அவர் தரும் அகற்றல் சீட்டில் சீரியல் நம்பர், டி.ஐ.டி., தேதி மூன்றும் இருக்கிறதா பார்த்த பிறகே மிஷினைக் கையில் கொடுங்கள். "ஆப்பில் ஏத்திட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். பேட்டரி உப்பியதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள், சேதம் என்று பின்னால் பில் வராது.

கோர்ட்டு வாசல்

நிறுத்துவது சரி, ரீஃபண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 30 மாதமும் முழுசாகக் கேட்கலாம். சேவையே தரவில்லை, எதற்கு வாடகை? நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் ஒரே வாய்தாவில் முடியும்.

பழைய கேஷியர்

வக்கீல் சார், ஒரே வாய்தாவில் முடிந்த வழக்கை நான் பார்த்ததில்லை. வங்கி என்ன சொல்லும் தெரியுமா? "மிஷின் உங்கள் வசம் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் தேய்த்திருக்கலாம், முடிக்கச் சொல்லி எழுதித் தரவில்லை." வாடகை என்பது வைத்திருப்பதற்கு, தேய்த்ததற்கு இல்லை. அவர்கள் பக்கம் இது வலுவான வாதம். அதோடு நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கம் என்ற முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது. சுயதொழில் பிழைப்பு என்ற விலக்கில் அண்ணாச்சி வருவார் என்று வாதாடலாம். காலவரம்பு இரண்டு வருடம் என்பதால் 2023 பற்றுகளுக்கு அதுவும் இடிக்கும்.

கணக்கர், கடை மூடியது வங்கிக்குத் தெரியும் என்று காட்ட எழுத்தில் ஏதாவது உண்டா? வாயால் சொன்னது கணக்கில் வராது.

நெல்லைக் கணக்கர்

கோப்பைக் குடைந்ததில் ஒன்று கிடைத்தது. 2023 ஜூன் 26 தேதியிட்ட கடிதம். "கடையை மூடிவிட்டபடியால் இனி கடிதங்களை வீட்டு முகவரிக்கு அனுப்பவும்." பிராஞ்ச் முத்திரை இருக்கிறது. மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய கேஷியர்

நல்ல தாள். ஒப்பந்தத்தை முடித்த கடிதம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் கடை இல்லை என்பது அந்தத் தேதியில் வங்கிக்குத் தெரியும் என்பதற்கு இது சாட்சி. கடை முகவரியில் பொருத்திய கருவிக்கு, அந்தக் கடையே இல்லை என்று தெரிந்த பிறகும் வாடகை எடுத்தது ஏன் என்று கேட்கலாம். ஆகவே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் 1,593 ரூபாய், அதை நல்லெண்ண அடிப்படையில் கேளுங்கள். 2023 ஜூலையிலிருந்து 27 மாதம், 14,337 ரூபாய், அதை உரிமையாகக் கேளுங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் உரிமை என்று கேட்டால் பலவீனமான மூன்று மாதத்தைக் காட்டியே எல்லாவற்றையும் மறுப்பார்கள்.

கோர்ட்டு வாசல்

இதை ஏற்க மாட்டேன். மூன்று மாதத்தை நீங்களே விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடும். ஜிஎஸ்டி ரத்தான தேதி அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வங்கிதான்.

பழைய கேஷியர்

பார்த்திருக்கலாம் என்பதும் பார்க்கக் கடமைப்பட்டது என்பதும் ஒன்றா? சரி, இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

அந்த 1,770-ஐத் தனியாகப் பாருங்கள். குறைந்தபட்ச சராசரி இருப்பு 25,000 தானே? 38,400-இலிருந்து 531 வீதம் கழித்தால் 2025 ஏப்ரலில் 25,125 நிற்கும், மே மாதம் 24,594 ஆகும். வாடகை எடுத்ததால்தான் இருப்பே குறைந்தது. ஒரே ஒரு மாதத்து வாடகை எடுக்காமல் இருந்திருந்தால்கூட அந்தக் காலாண்டுச் சராசரி தப்பித்திருக்கும்.

இன்னொன்று. இரண்டு வருடமாக வாடிக்கையாளர் தரப்பில் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்கு. வங்கி தானே எடுக்கும் கட்டணம் அதில் நடவடிக்கையாகச் சேராது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி செயல்படாத கணக்கில் இருப்புக் குறைவு அபராதம் போடக்கூடாது, கணக்கை மீண்டும் இயக்கவும் கட்டணம் கூடாது. அண்ணாச்சி கடைசியாகச் செக் போட்டது எப்போது?

நெல்லைக் கணக்கர்

2023 மார்ச் 28.

பழைய கேஷியர்

அப்படியானால் 2025 மார்ச்சோடு இரண்டு வருடம் முடிந்தது, ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு அபராதம் போட்டது தவறு. ஆனால் நேரில் போய் முகவரி மாற்றியதை வாடிக்கையாளர் நடவடிக்கை என்று வங்கி காட்டினால் இரண்டு வருடம் 2025 ஜூன் 26-க்குத் தள்ளிப்போகும். நமக்கு உதவும் அதே கடிதம் இங்கே அவர்களுக்கு உதவுகிறது. இருந்தாலும் கேளுங்கள். 1,770 மாதிரித் தொகையை பிராஞ்ச் மேலாளர் அளவிலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கம்தான்.

வரி வாத்தியார்

ஜிஎஸ்டி பகுதியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 81 ரூபாயை வங்கி அரசுக்குக் கட்டிவிட்டது. அதைத் திருப்பித் தர வங்கி கிரெடிட் நோட் போடவேண்டும். அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான் வரியைக் குறைத்துக்கொள்ளும்படி அதைப் போட முடியும். 2023–24-க்கு அந்தக் கெடு 2024 நவம்பரிலேயே போய்விட்டது. 2024–25-க்கு 2025 நவம்பர் 30 கடைசி. அந்த வருடத்து வரி மட்டும் 972 ரூபாய். ஆகவே "வாடகையைத் தருகிறோம், வரி கழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் 2023–24-க்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிந்தைய மாதங்களுக்கு இல்லை. ரீஃபண்ட் கடிதத்தில் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதி, நவம்பர் 30-ஐயும் குறிப்பிடுங்கள். பதிவு ரத்தானதால் அண்ணாச்சி இந்த வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கவில்லை என்றும் ஒரு வரி சேருங்கள்.

ரவி_டிஜிட்டல்

மிஷின் போனதும் அக்கவுன்ட்டை மூடிடலாம் இல்லையா?

ஸ்வைப் மேசை

ரீஃபண்ட் அந்தக் கணக்குக்குத்தான் வரும். முதலில் மூடிவிட்டால் பணம் போய்த் திரும்பி, வங்கியின் உள்கணக்கு ஒன்றில் உட்கார்ந்துவிடும், வெளியே எடுக்க இன்னொரு மனு. அண்மையில் கடை மூடினவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டு வாடிக்கையாளர் தகராறு எழுப்பினால் அந்தத் தொகை கடைக்காரர் கணக்கிலிருந்து திரும்பப் போகும். பல வகைத் தகராறுக்கு 120 நாள்வரை அவகாசம் உண்டு என்பதால் வங்கி அதுவரை கணக்கை மூட இழுக்கும். அண்ணாச்சிக்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. மூடும்போது மிச்ச செக் தாள்களையும் டெபிட் கார்டையும் ஒப்படைக்க வேண்டும்.

நெல்லைக் கணக்கர்

நிலவரம் சொல்கிறேன். மிஷினை எடுத்துவிட்டார்கள், அகற்றல் சீட்டு கையில் இருக்கிறது. ஆனாலும் அக்டோபர் 5-இல் ஒரு 531 போயிற்று, அதை மெயில் போட்டதும் திருப்பிவிட்டார்கள். அபராதம் 1,770 வந்துவிட்டது. மீதிக்கு மெயிலில் ஒரு பதில்: ஆறு மாத வாடகை 2,700 மட்டும், வரி இல்லாமல். அதோடு ஒரு படிவம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதில் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்று இருக்கிறது. அண்ணாச்சி, வந்தது போதும், போட்டுவிடலாம் என்கிறார்.

கோர்ட்டு வாசல்

போடக்கூடாது!

பழைய கேஷியர்

இதில் வக்கீல் சாரோடு நானும். அந்த வாக்கியத்தோடு கையெழுத்துப் போட்டால் பிறகு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் வங்கி முதலில் நீட்டும். "பகுதித் தொகையாக, என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தருவதாகப் பதில் அனுப்புங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 2,700 வராது, அவ்வளவுதான்.

வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி 30 நாள் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போடலாம். கட்டணம் இல்லை. ஜூன் 26 கடிதம், அகற்றல் சீட்டு, ஸ்டேட்மென்ட், வங்கியின் இந்தப் பதில், நான்கும் போதும். பிராஞ்சுக்குக் கொடுத்த கடிதத்தை மட்டும் வைத்துப் போகாதீர்கள். புகார் என்று பதிவான எண் இல்லையென்றால் "முதலில் வங்கியை அணுகவும்" என்று திருப்பிவிடுவார்கள்.

நெல்லைக் கணக்கர்

புகார் எண் இருக்கிறது ஐயா. அண்ணாச்சியிடம் பேசிப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: அந்த வணிகர் ஒப்பந்தத்தின் நகல் அவரிடம் இல்லை. பயன்படுத்தாத மிஷினை வங்கி தானே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏதாவது விதி இருக்குமா?

ஸ்வைப் மேசை

பல ஒப்பந்தங்களில் இருக்கும். குறிப்பிட்ட காலம் பரிவர்த்தனை இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு என்று. உரிமை என்றுதான் இருக்கும், கட்டாயம் என்று இருக்காது. இருந்தாலும் நகலை எழுத்தில் கேளுங்கள், அவர் கையெழுத்திட்ட தாள் அது. கூடவே அந்த டி.ஐ.டி.யின் கடைசிப் பரிவர்த்தனைத் தேதியையும் கேளுங்கள்.